சேமித்த கார்டை நீக்கினால் எது நிற்கும், எது நிற்காது

ஏதாவது ஓர் ஆன்லைன் கடையில் வாடிக்கையாளர் தகவல் திருடு போனதாகச் செய்தி வந்தால், பலரும் உடனே செய்யும் காரியம் ஒன்று உண்டு. தாங்கள் கணக்கு வைத்திருக்கும் ஆப்களையெல்லாம் திறந்து, 'சேவ்டு கார்ட்ஸ்' பகுதிக்குப் போய், இருக்கிற கார்டுகளை ஒவ்வொன்றாக நீக்குவார்கள். செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் அப்படி நீக்கியவர்களுக்கே அடுத்த மாதம் சந்தாப் பணம் பிடித்ததாக எஸ்எம்எஸ் வருகிறது. 'கார்டையே எடுத்துவிட்டேனே, எப்படிப் பிடித்தார்கள்?' என்று வங்கியோடு சண்டை போடுகிறார்கள். அந்த நீக்கு பொத்தான் எந்தக் கதவை மூடுகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லாததுதான் குழப்பத்துக்குக் காரணம்.

ஓர் உதாரணத்தோடு போகலாம். கோவையில் சிறிய அளவில் இணையதளம் வடிவமைத்துக் கொடுக்கும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் இருப்பது ஒரே கிரெடிட் கார்டு, கடைசி நான்கு எண் 4821. அதை மூன்று இடங்களில் சேமித்திருக்கிறார்: இந்தியாவிலேயே இயங்கும் ஒரு மளிகை ஆப், மாதம் 499 ரூபாய் பிடிக்கும் ஓர் ஓடிடி சேவை, மாதம் 12 டாலர் கேட்கும் ஓர் அமெரிக்க வெப் ஹோஸ்டிங் தளம். ஒருநாள் உட்கார்ந்து மூன்றிலும் கார்டை நீக்கிவிடுகிறார். மூன்று இடத்திலும் அவர் அழுத்தியது ஒரே மாதிரிப் பொத்தான். ஆனால் நடப்பது மூன்று வேறு காரியங்கள்.

முதலில் மளிகை ஆப். அங்கே அவருடைய கார்டு எண்ணே கிடையாது. 2022 அக்டோபர் 1 முதல், உள்நாட்டு ஆன்லைன் வாங்கல்களுக்கு கார்டு எண்ணைக் கடைகளோ பேமென்ட் கேட்வே நிறுவனங்களோ சேமித்து வைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முழு எண்ணை வைத்திருக்கக்கூடியவர்கள் இருவர்தான்: கார்டைக் கொடுத்த வங்கியும், விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற கார்டு நெட்வொர்க்கும். கடையிடம் இருப்பது அந்த எண்ணுக்குப் பதிலாக உருவாக்கப்பட்ட ஒரு டோக்கன். கணக்குச் சரிபார்ப்புக்காகக் கடைசி நான்கு எண்ணையும் வங்கியின் பெயரையும் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நாம் திரையில் `•••• 4821` என்று பார்ப்பது அதைத்தான்.

பஸ் ஸ்டாண்டு சைக்கிள் ஸ்டாண்டில் தரும் டோக்கன் மாதிரிதான் இது. அந்த ஸ்டாண்டில் காட்டினால்தான் சைக்கிள் கிடைக்கும், பக்கத்து ஸ்டாண்டில் செல்லாது. இந்தக் கார்டுக்கும் இந்தக் கடைக்கும் என்று உருவான டோக்கனைத் திருடிக்கொண்டு போய் வேறொரு கடையில் பொருள் வாங்க முடியாது. ஆகவே அந்த மளிகை ஆப்பின் தகவல் தளம் முழுக்கத் திருடு போனாலும், அதிலிருந்து 4821 கார்டின் 16 எண்ணையும் எடுக்க வழியில்லை. கார்டை முன்பே நீக்கியிருந்தாலும் சரி, நீக்காமல் இருந்திருந்தாலும் சரி, இந்த ஒரு விஷயத்தில் வித்தியாசம் இல்லை.

அப்படியானால் மளிகை ஆப்பில் நீக்கியது வீணா? இல்லை. அது தடுப்பது வேறொன்றை. யாரோ ஒருவர் உங்கள் ஆப் கணக்குக்குள்ளேயே புகுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறெங்கோ கசிந்த பாஸ்வேர்டை இங்கேயும் போட்டுப் பார்த்திருக்கலாம், தொலைந்த போனைத் திறந்திருக்கலாம். உள்ளே சேமித்த கார்டு இருந்தால் அவருக்கு வேலை பாதி முடிந்தது. டோக்கன் உள்ள கார்டுகளுக்கு 2023 முதல் நெட்வொர்க்குகள் சிவிவி கேட்காமலே பணம் செலுத்த வழி செய்துவிட்டன. அதனால் பல கடைகளில் மிஞ்சி நிற்கும் தடை ஓடிபி ஒன்றுதான். அதற்குத்தான் 'சார், ஆர்டர் கேன்சல் பண்றோம், ஒரு நம்பர் வரும் சொல்லுங்க' என்று போன் வருகிறது. கார்டு அங்கே இல்லை என்றால், திருடருக்கு முழு எண்ணும் காலாவதித் தேதியும் சிவிவியும் முதலில் வேண்டும். அது பெரிய வித்தியாசம். வீட்டில் பிள்ளைகள் எடுத்து விளையாடும் போன், கடை ஊழியர் கைமாறும் டேப்லெட் போன்றவற்றில் இருக்கும் ஆப்களில் கார்டு சேமித்திருக்கவே கூடாது என்பேன்.

இரண்டாவது, ஓடிடி. இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். சந்தா தொடங்கும்போது ஒரு ஓடிபி வந்திருக்கும். அந்த ஓடிபி முதல் மாத 499 ரூபாய்க்கு மட்டுமானது அல்ல. மாதாமாதம் பிடித்துக்கொள்ளலாம் என்று இ-மாண்டேட் எனப்படும் ஓர் அனுமதி வங்கியிடம் பதிவானதும் அதே ஓடிபியில்தான். கார்டு சேமிப்பது ஒரு ஏற்பாடு, மாண்டேட் இன்னொரு ஏற்பாடு. முதலாவது கடையின் கணக்குப் பக்கத்தில் தெரியும். இரண்டாவது வங்கிப் பக்கத்தில் பதிவாகியிருக்கும். சில சேவைகள் கார்டை நீக்கும்போதே சந்தாவையும் நிறுத்திவிடும். சில சேவைகள், சந்தா நடப்பில் இருக்கும்வரை அந்தக் கார்டை நீக்கவே விடாது. இன்னும் சிலவற்றில் கார்டு திரையிலிருந்து மறைந்துவிடும், மாண்டேட் அப்படியே நிற்கும். எது எப்படி என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆகவே திரையை நம்பாமல் வங்கியில்தான் பார்க்க வேண்டும்.

மாண்டேட் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய அறிகுறி ஒன்று உண்டு. ஒவ்வொரு தடவை பணம் பிடிப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வங்கி ஓர் எஸ்எம்எஸ்ஸோ மின்னஞ்சலோ அனுப்பியாக வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் பிடிக்கப்படும் என்று அதில் இருக்கும், விலகுவதற்கான வழியும் இருக்கும். பெரும்பாலோர் இதை விளம்பரம் என்று தள்ளிவிடுகிறார்கள். கார்டை நீக்கிய பிறகும் இந்த முன்னறிவிப்பு வந்தால், மாண்டேட் நிற்கவில்லை என்று பொருள். அந்தத் தடவைக்கு மட்டும் வேண்டாம் என்றும் சொல்லலாம், மொத்தமாகவும் ரத்து செய்யலாம். ரத்து செய்யும்போது வங்கி மறுபடி ஒரு ஓடிபி கேட்கும். அது விதிப்படி கேட்பதுதான், பயப்பட வேண்டாம். நெட்பேங்கிங்கிலோ வங்கி ஆப்பிலோ 'ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்' அல்லது 'மேனேஜ் மாண்டேட்' என்ற பெயரில் பட்டியல் இருக்கும். இதற்கென்று சில வங்கிகள் வெளித் தளம் ஒன்றுக்கு அழைத்துப் போவதும் உண்டு. அந்த முகவரியை எஸ்எம்எஸ்ஸில் வந்த இணைப்பில் தொடாமல், வங்கி ஆப்பின் உள்ளேயிருந்து போவதே நல்லது.

தொகையையும் கவனியுங்கள். பொதுவாக 15,000 ரூபாய் வரை மாண்டேட் இருந்தால் ஓடிபி இல்லாமலே பிடிக்கலாம். மியூச்சுவல் ஃபண்ட், காப்பீட்டு பிரீமியம், கிரெடிட் கார்டு பில் ஆகியவற்றுக்கு இந்த வரம்பு 2023 டிசம்பரில் 1 லட்சமாக உயர்த்தப்பட்டது. மறந்துபோன ஒரு மாண்டேட் 499 ரூபாயோடு நிற்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதே ஓடிடியை யுபிஐ ஆட்டோபே வழியாகக் கட்டிவந்தால், கார்டை நீக்குவதால் அதில் ஒன்றும் ஆகாது. அதை அந்த யுபிஐ ஆப்புக்குள் போய்த்தான் நிறுத்த வேண்டும்.

பணம் பிடிப்பது நின்றுவிட்டது என்பதால் சந்தா முடிந்துவிட்டது என்றும் ஆகாது. ஆண்டு ஒப்பந்தம், தவணையில் வாங்கிய பொருள் போன்றவற்றில், கார்டு இல்லை என்பதற்காக நீங்கள் தர வேண்டிய பாக்கி இல்லாமல் போய்விடாது. முதலில் சந்தாவை ரத்து செய்து, அதற்கான மின்னஞ்சலை வைத்துக்கொண்டு, பிறகு மாண்டேட், கடைசியில் கார்டு என்ற வரிசையில் போனால் சிக்கல் குறைவு. கார்டை முதலில் நீக்கிவிட்டால் சில தளங்களில் சந்தாப் பக்கத்தில் மாற்றம் செய்யவே இன்னொரு கார்டு கேட்கும்.

மூன்றாவது, அமெரிக்க ஹோஸ்டிங் தளம். ரிசர்வ் வங்கியின் டோக்கன் விதி உள்நாட்டுப் பரிவர்த்தனைகளுக்கானது. வெளிநாட்டு வணிகரிடம் உங்கள் முழு எண்ணும் காலாவதித் தேதியும், அவரிடமோ அவருடைய பேமென்ட் நிறுவனத்திடமோ, குறியாக்கம் செய்யப்பட்டு இருக்கக்கூடும். கார்டுத் துறையின் பாதுகாப்பு விதியான பிசிஐ டிஎஸ்எஸ்படி, பரிவர்த்தனைக்கு ஒப்புதல் வந்தபின் சிவிவியைச் சேமிக்கக் கூடாது. ஆனால் சேமித்த கார்டிலிருந்து பணம் பிடிக்க வெளிநாட்டில் பல இடங்களில் சிவிவியும் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை. இந்தியாவில் ஓடிபி இல்லாமல் எதுவும் நடக்காது என்று பழகிய நமக்கு இது அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

சந்தா என்று குறியிட்டு அந்த நிறுவனம் பணம் கேட்டால், மாண்டேட் பதிவு இல்லாத கார்டுக்கு இந்திய வங்கி மறுத்துவிட வேண்டும். 2021 அக்டோபரில் இந்த விதி வந்தபோது வெளிநாட்டுச் சந்தாக்கள் வரிசையாகத் தோல்வியடைந்தது இதனால்தான். ஆனால் அதே தொகையைச் சாதாரண ஒருமுறைச் செலவு போல அனுப்பினால் அது கடந்துபோக வாய்ப்பு இருக்கிறது. வெளிநாட்டு ஆன்லைன் செலவுகளுக்குக் கூடுதல் சரிபார்ப்பு தருவதற்கான ஏற்பாட்டை வங்கிகள் 2026 அக்டோபர் 1-க்குள் செய்ய வேண்டும் என்று 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஆனால் அது ஒருமுறைச் செலவுகளுக்கானது. அந்த வெளிநாட்டு வணிகரோ அவருடைய வங்கியோ சரிபார்ப்பைக் கேட்டால்தான் அது வேலைக்கு வரும்.

ஆகவே மூன்றில் இந்த இடத்தில்தான் நீக்குவதற்கு உண்மையான பலன் அதிகம். கணக்குக்குள் புகுந்தவர் ஒரே கிளிக்கில் செலவழிப்பதை அது தடுக்கிறது. பின்னால் அந்தத் தளம் திருடப்பட்டாலும் உங்கள் எண் அங்கே இல்லாமலிருக்க வாய்ப்பைத் தருகிறது. வாய்ப்பு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கணக்குப் பக்கத்திலிருந்து நீக்கப்பட்டது, அவர்களுடைய எல்லாப் பதிவேடுகளிலிருந்தும் நீக்கப்பட்டதாக ஆகாது.

நீக்கு பொத்தான் எட்டாத இடங்கள் உண்டு என்பதற்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தில் 2018-ல் நடந்ததைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 5 வரை அதன் இணையதளத்திலும் ஆப்பிலும் டிக்கெட் வாங்கியவர்களின் கார்டு விவரம் திருடப்பட்டது. சேமித்து வைத்திருந்த கார்டுகளின் கிடங்கை உடைத்து நடந்த திருட்டு அல்ல அது. பணம் கட்டும் பக்கம் பயன்படுத்திய ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் அடியில் 22 வரிகளைத் திருடர்கள் சேர்த்துவிட்டார்கள். வாடிக்கையாளர் பணம் கட்டும் பொத்தானை அழுத்தி விரலை எடுக்கும் அந்த நொடியில், படிவத்தில் தட்டியிருந்த பெயர், எண், காலாவதித் தேதி, சிவிவி எல்லாம் `baways.com` என்ற திருடர்களின் முகவரிக்கும் ஒரு பிரதியாகப் போயின. டிக்கெட்டும் ஒழுங்காகப் பதிவானது. பிரவுசரில் பூட்டு அடையாளமும் இருந்தது, ஏனென்றால் அந்தப் பக்கம் உண்மையிலேயே விமான நிறுவனத்துடையதுதான். எச்சரிக்கையான ஒருவர் பார்த்துத் தெரிந்துகொள்ள அதில் எதுவுமே இல்லை.

இந்தத் திருட்டு குறிவைத்தது விசைப்பலகையில் தட்டப்படும் எண்ணை. 'எங்கேயும் சேமிக்க மாட்டேன், ஒவ்வொரு தடவையும் நானே அடிப்பேன்' என்று இருப்பவர் ஒவ்வொரு வாங்கலிலும் 16 எண்ணையும் சிவிவியையும் அந்தப் பக்கத்துக்குக் கொடுக்கிறார். டோக்கன் சேமித்திருப்பவர் ஒரு தடவைதான் கொடுக்கிறார். இந்தியக் கடையில், அடிக்கடி வாங்கும் இடத்தில், பலமான பாஸ்வேர்டும் பூட்டிய போனும் இருந்தால், டோக்கனாகச் சேமித்து வைப்பதே பாதுகாப்பு என்பது என் முடிவு. வருடத்துக்கு ஒரு தடவை போகும் கடை என்றால் சேமிக்கக் காரணமே இல்லை.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் விவகாரத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிரிட்டனின் தகவல் ஆணையரகம் விசாரித்து 2020 அக்டோபரில் 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. அந்த விசாரணையில்தான் வேறொன்றும் வெளியே வந்தது. சோதனைக்காகப் போட்ட ஒரு வசதி அணைக்கப்படாமலே 2015 டிசம்பர் முதல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அது ஒரு வகைப் பரிவர்த்தனைகளின் கார்டு விவரத்தை, பெரும்பாலும் சிவிவியோடு, குறியாக்கம் இல்லாமல், கணினி நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் லாக் கோப்புகளில் எழுதிவந்தது. 95 நாள் வைத்திருந்து அழித்தார்கள். அப்படியிருந்தும் சுமார் 1,08,000 கார்டுகளின் விவரம் திருடர் கைக்கு எட்டும் இடத்தில் கிடந்தது. அந்தக் கார்டுகளின் சொந்தக்காரர்கள் எந்த நீக்கு பொத்தானை அழுத்தியிருந்தாலும் அந்த லாக் கோப்பில் ஒரு வரிகூட அழிந்திருக்காது.

ஏற்கெனவே வெளியே போய்விட்ட எண்ணுக்கும் இதே நிலைதான். திருட்டுச் செய்தி வந்த பிறகு கார்டை நீக்குவது, போன பிரதியைத் திரும்பக் கொண்டுவராது. அந்த எண்ணையே செல்லாததாக்குவதுதான் வழி: வங்கியில் கார்டை பிளாக் செய்து புது எண்ணோடு மாற்று கார்டு வாங்க வேண்டும். அப்படி மாற்றும்போது, பழைய கார்டு பதிவாகியிருந்த கடைகளோடு புதியதை இணைக்க உங்கள் வெளிப்படையான சம்மதத்தை வங்கி கேட்க வேண்டும் என்பது விதி. அந்தக் கேள்வி வரும்போது எல்லாவற்றுக்கும் 'சரி' என்று அழுத்திவிடாதீர்கள். பழைய பட்டியலைக் கழிக்க இதைவிட நல்ல தருணம் வராது.

இப்போது 4821-க்குத் திரும்புவோம். மூன்று ஆப்களையும் தனித்தனியாகத் திறந்து நீக்கியதற்குப் பதிலாக அவர் வங்கி ஆப்பைத் திறந்திருந்தால் அதிகம் சாதித்திருக்கலாம். எந்தெந்தக் கடையில் கார்டு டோக்கனாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலைக் காட்டவும், அதிலிருந்து எதையும் நீக்கவும் வங்கி வசதி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2021 செப்டம்பர் சுற்றறிக்கையே சொல்கிறது. ஆப், நெட்பேங்கிங், போன் வழித் தானியங்கிச் சேவை, கிளை என ஏதாவதொரு வழியில் அது இருந்தாக வேண்டும். பெரும்பாலும் கார்டு பகுதியில் 'டோக்கன்' என்ற சொல்லோடு இருக்கும். எப்போதோ ஒருமுறை செருப்பு வாங்கிய கடை, மூடிப்போன உணவு ஆப் எல்லாம் அந்தப் பட்டியலில் வரிசையாக நிற்கும். அங்கே நீக்கினால், கடை தன் திரையில் 4821 என்று காட்டிக்கொண்டே இருந்தாலும் அந்த டோக்கனால் பணம் எடுக்க முடியாது. வெளிநாட்டுத் தளங்களை மட்டும் அந்தப் பட்டியலில் எதிர்பார்க்க வேண்டாம்.

வெளிநாட்டுக்கு வேறு சுவிட்ச் உண்டு. உள்நாட்டு ஆன்லைன், வெளிநாட்டு ஆன்லைன், கான்டாக்ட்லெஸ் ஆகியவற்றைத் தனித்தனியாக இயக்கவும் நிறுத்தவும், வரம்பு வைக்கவும் 2020 அக்டோபர் முதல் எல்லா வங்கிகளும் வசதி தர வேண்டும். ஹோஸ்டிங் பணம் கட்டும் நாளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கி, கட்டி முடித்ததும் நிறுத்திவிட்டால், அந்தத் தளத்தில் எண் சேமித்திருந்தாலும், கசிந்தாலும், மற்ற நாட்களில் பணம் வெளியே போகாது. இதற்கும் ஓர் எல்லை உண்டு. வெளிநாட்டு நிறுவனமே இந்தியாவில் கணக்கு வைத்து வசூலித்தால் அது உள்நாட்டுப் பரிவர்த்தனையாகவே வரும், இந்த சுவிட்ச் அதைத் தொடாது. ஸ்டேட்மென்டில் டாலர் தொகை பக்கத்தில் இருக்கிறதா, வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் தனியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பிரவுசரை மறந்துவிட வேண்டாம். கடையில் நீக்கிய பிறகும் எண் தானாக நிரம்பினால் அது குரோமில் சேமித்த கார்டு. `chrome://settings/payments` என்று அடித்தால் பட்டியல் வரும். கூகுள் கணக்கில் சேமித்தது என்றால் அதே கணக்கில் நுழையும் மற்ற கணினிகளிலும் அது தெரியும்.

கார்டை நீக்கினால் வர வேண்டிய ரீஃபண்ட் போய்விடுமோ என்றும் பலர் தயங்குகிறார்கள். ரீஃபண்ட் பழைய பரிவர்த்தனையின் குறிப்பு எண்ணைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறது. ஆப்பில் கார்டு சேமித்திருப்பதற்கும் அதற்கும் பொதுவாகத் தொடர்பில்லை.

இத்தனைக்குப் பிறகும் தெரியாத செலவு ஒன்று கார்டில் வந்துவிட்டால் நேரம்தான் முக்கியம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, தவறு உங்களுடையதும் அல்ல, வங்கியுடையதும் அல்ல, வேறெங்கோ நடந்த கசிவு என்றால், வங்கியின் தகவல் கிடைத்து 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்குப் பொறுப்பு இல்லை. 4 முதல் 7 வேலை நாள் என்றால் ஒரு வரம்பு வரை நீங்கள் ஏற்க வேண்டும். 5 லட்சம் வரை கடன் வரம்பு உள்ள கிரெடிட் கார்டுக்கு அது 10,000 ரூபாய். புகார் கொடுத்த 10 வேலை நாளுக்குள் அந்தத் தொகையை வங்கி தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது, வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் உங்கள் நஷ்டம். அப்போதும் தெரிவித்த நொடிக்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளிப்போடாமல் உடனே கார்டை பிளாக் செய்து, வங்கியில் புகார் எண் வாங்கிக்கொண்டு, 1930-க்கு அழைத்தோ `cybercrime.gov.in` தளத்திலோ பதிவு செய்யுங்கள். கடையின் வாடிக்கையாளர் சேவையில் பேசிக்கொண்டிருப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அங்கே போகும் நாட்களும் இந்த 3 வேலை நாள் கணக்கில்தான் சேரும்.